15 நாள் கிளாஸ்ல நீங்க ஓட்டுனது எத்தனை மணி நேரம்?

பேரையூர்ல எங்க சித்தப்பா டிரைவிங் ஸ்கூல் வெச்சிருக்கார். ரெண்டு கார், ஒரு ஸ்கூட்டர், ஒரு சின்ன ஆபீஸ். போன மாசம் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தப்ப, "ஏத்தா, நீ ஆன்லைன்லதான எழுதுற? நம்ம ஸ்கூலுக்கும் நாலு போஸ்ட் போட்டுக் குடு"ன்னு போனை என் கையில குடுத்துட்டார். டிஜிட்டல் டெஸ்க்ல இருக்கிற பொண்ணுக்கு இதெல்லாம் ஒரு வேலையான்னு நானும் கெத்தா வாங்கிட்டேன்.

முதல் போஸ்ட் அஞ்சு நிமிஷத்துல ரெடி. மஞ்சள் பின்னணி, சிவப்பு எழுத்து. '15 நாளில் கார் ஓட்டலாம்! பயமா? எங்களிடம் வாங்க!' சித்தப்பாவுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், ஃபேஸ்புக் ரெண்டுலயும் போட்டோம். மூணு போன் வந்துச்சு. மூணு பேருமே "எவ்வளவு?"ன்னு மட்டும் கேட்டுட்டு வெச்சுட்டாங்க.

நாலாவதா வந்தது ஒரு வாய்ஸ் மெசேஜ். பேசினவங்க டி.கல்லுப்பட்டி பக்கத்துல ஒரு கிராமத்து அக்கா. "தம்பி, நான் வேற எடத்துல 15 நாள் படிச்சு ரெண்டு தடவ டெஸ்ட்ல ஃபெயிலு. எல்.எல்.ஆர் முடிய இன்னும் ஏழு வாரந்தான் இருக்கு. இன்னொரு 15 நாள் படிச்சா மட்டும் வந்துருமா?" என் போஸ்ட்ல இருந்த அதே '15 நாள்'தான் அவங்களுக்குப் பயத்தையே குடுத்திருக்கு! கேட்டதும் எனக்குக் கொஞ்சம் கூச்சமாப் போச்சு.

அந்த ஏழு வாரக் கணக்கு சும்மா இல்லைங்க. எல்.எல்.ஆர் ஆறு மாசம் செல்லும். வாங்கி 30 நாள் கழிச்சுத்தான் டெஸ்டுக்குப் போக முடியும். ஃபெயில் ஆனா ஏழு நாள் கழிச்சு மறுபடி போகலாம். ஆனா மூணாவது தடவையும் ஃபெயில் ஆனா, மோட்டார் வாகனச் சட்டப்படி 60 நாள் காத்திருக்கணும். அக்காவுக்கு மீதி இருந்ததோ 49 நாள். அதாவது இந்தத் தடவை விட்டா எல்.எல்.ஆரே காலாவதி ஆயிரும். மறுபடி முதல்லேர்ந்து விண்ணப்பம், மறுபடி 30 நாள். "அதுக்கப்புறம் வீட்ல விட மாட்டாகம்மா"ன்னாங்க.

சித்தப்பா அவங்களை நேர்ல வரச் சொன்னார். வந்ததும் ஃபீஸ் பேசல, முதல்ல ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "அங்க ஒரு நாளைக்கு எவ்வளவு ஓட்டுனீங்க?"

"அஞ்சு கிலோமீட்டர்."

நம்ம ஊர்ப் பக்கம் பல இடத்துல கிளாஸை இப்படி கிலோமீட்டர்லதான் சொல்வாங்க. சித்தப்பா ஒரு பேப்பரை எடுத்தார். 15 நாள், தினம் 5 கிலோமீட்டர்னா மொத்தம் 75. உசிலம்பட்டி ரோடு மாதிரி நேர் ரோட்டுல 30 கிலோமீட்டர் வேகத்துல போனா 75 கிலோமீட்டரை ரெண்டரை மணி நேரத்துல ஓட்டி முடிச்சிரலாம். "நீங்க 15 நாள் படிக்கலம்மா, ரெண்டரை மணி நேரம் படிச்சிருக்கீங்க"ன்னார். அக்கா அந்தப் பேப்பரையே பார்த்துட்டு உட்கார்ந்திருந்தாங்க.

சட்டம் என்ன சொல்லுதுன்னு அன்னிக்கு ராத்திரி நானே தேடிப் படிச்சேன். 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 31-வது விதி, டிரைவிங் ஸ்கூலோட பாடத்திட்டம். சொந்த கார் மாதிரி வண்டிகளுக்குப் பயிற்சி 21 நாளுக்குக் குறையக் கூடாது. அதுல நிஜமா வண்டி ஓட்டுற நேரம் பத்து மணிக்குக் குறையக் கூடாது. நாள், மணி ரெண்டுமே வேணும். தினம் அரை மணி வீதம் 21 நாள் ஓட்டினா பத்தரை மணி. கணக்கு சரியா உட்காருது.

ஆனா இங்கயும் ஒரு ஓட்டை உண்டு. ஒரு மணி நேர கிளாஸுக்கு ஒரே கார்ல மூணு பேரை ஏத்திக்கிட்டா, ஆளுக்கு இருபது நிமிஷந்தான். 21 நாளும் தவறாமப் போனாலும் ஏழு மணி நேரம்தான் வரும். மீதி நேரம் பின் சீட்ல உட்கார்ந்து அடுத்தவங்க ஓட்டுறதைப் பார்க்கிறது. அதுவும் ஒரு வகையில பாடம்தான், இல்லைன்னு சொல்லல. ஆனா கால் பழகாது.

இதைச் சரிபார்க்க ஒரு நோட்டே இருக்கு. ஒவ்வொரு மாணவருக்கும் எந்தத் தேதி, எத்தனை மணிலேர்ந்து எத்தனை மணி வரை ஓட்டினாங்கன்னு எழுதி வைக்கிற பதிவேடு, படிவம் 15. சித்தப்பா ஸ்கூல்லயும் அது இருந்துச்சு. ஆனா பீரோவுக்குள்ள! "இதைத்தான் சித்தப்பா போஸ்ட் போடணும்"னு சொன்னேன். முதல்ல அவருக்குப் புரியல. "யாராச்சும் நோட்டைப் பார்த்து கிளாஸுக்கு வருவாங்களா?"ன்னார். பேரை மறைச்சு ஒரே ஒரு பக்கத்தை போட்டோ எடுத்துப் போட்டோம். கீழ ரெண்டு வரி: 'இங்க கிலோமீட்டர் கணக்கு கிடையாது. நீங்க ஸ்டீயரிங் பிடிச்ச நிமிஷத்தை எழுதி வைப்போம். தினமும் நீங்களே பார்த்துட்டுப் போகலாம்.' அந்த வாரம் வந்த போன்ல முக்கால்வாசி பெண்கள். அவங்க கேட்டது ஃபீஸ் இல்ல, "அந்த நோட்டு எனக்கும் போடுவீங்களா?"

இனி அக்கா கதை. முதல் நாள் காலை ஆறு மணிக்கே போய் நானும் பின் சீட்ல ஏறிக்கிட்டேன். ஸ்டார்ட் பண்ணி, கியர் போட்டு, அழகா எடுத்தாங்க. ரெண்டு தடவை ஃபெயில் ஆன ஆள் மாதிரியே தெரியல. அப்ப சித்தப்பா சொன்னார்: "இப்ப என் ரெண்டு காலையும் மடக்கி சீட்டுக்குக் கீழ வெச்சுக்கிறேன். மறுபடி எடுங்க." வண்டி ஒரு குலுக்கு குலுக்கி நின்னுபோச்சு. மறுபடி எடுத்தாங்க, மறுபடி நின்னுச்சு.

விஷயம் இதுதான். டிரைவிங் ஸ்கூல் வண்டியில டிரெய்னர் பக்கமும் கிளட்ச், பிரேக் இருக்கும். ஆபத்து நேரத்துக்கு அது கட்டாயம் வேணும். ஆனா வண்டி ஆஃப் ஆகி நேரம் போகக் கூடாதுன்னு சில டிரெய்னர்கள் ஒவ்வொரு தடவையும் அவங்களே கிளட்ச்சை மிதிச்சு விட்டுருவாங்க. நாம ஓட்டுறதா நினைச்சுக்கிட்டு இருப்போம். டெஸ்ட் அன்னிக்குப் பக்கத்து சீட்ல ஆய்வாளர் உட்காருவார், அவர் மிதிக்க மாட்டார். கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: அவங்க மிதிச்சா பெரும்பாலான வண்டியில நம்ம பெடலும் கூடவே இறங்கும். நீங்க அழுத்தாமலே காலுக்கடியில பெடல் கீழ போகுதுன்னா, ஓட்டுறது நீங்க இல்ல. "ஆமா தம்பி, அங்க பெடல் தானா இறங்கும். வண்டியே அப்படித்தான் போலன்னு நெனச்சேன்"னு அக்கா சொன்னப்ப சிரிக்கிறதா அழுறதான்னு தெரியல.

அதனால அடுத்த மூணு நாள் ரோட்டுப் பக்கமே போகல. காலி மைதானத்துல கிளட்ச் மட்டும்தான். முதல்ல சீட்டைச் சரி பண்ணினார். கிளட்ச்சை முழுசா அழுத்தின பிறகும் முழங்கால் கொஞ்சம் மடங்கியே இருக்கணும். அக்கா குள்ளம், கால் விறைச்சு நின்னுச்சு. சீட்டை முன்னாடி தள்ளி முதுகுக்குப் பின்னால ஒரு குஷன் வெச்சதும் பாதிப் பிரச்னை போச்சு. வழுக்குற செருப்பைக் கழட்டி, பின்பக்கம் வார் வெச்ச செருப்பு போட்டுட்டு வரச் சொன்னார். அப்புறம் ஆக்சிலரேட்டரைத் தொடாம, கிளட்ச்சை மட்டும் மெதுவா விட்டு வண்டியை நகர்த்துறது. ஒரு இடத்துல இன்ஜின் சத்தம் கனமா மாறும், பானெட் லேசா எழும்பும். அங்க காலை ரெண்டு நொடி நிறுத்தணும். அந்த இடத்தைக் கால் கண்டுபிடிக்கிற வரைக்கும் அதே வேலை. ஐம்பது தடவைக்கு மேல நானே எண்ணினேன், அப்புறம் எண்ணுறதை விட்டுட்டேன்.

முதல் டெஸ்ட்ல அவங்க கோட்டை விட்டது மேட்டுல. வண்டியை நிறுத்தி மறுபடி எடுக்கும்போது பின்னால உருண்டிருச்சு. டெஸ்ட்ல பார்க்க வேண்டியதுன்னு விதியில இருக்கிற பட்டியல்ல இதுவும் ஒண்ணு. ஏற்றத்துல நின்னு, பின்னால போகாம எடுக்கணும். ரிவர்ஸ்ல நேராப் போறது, ரிவர்ஸ்லயே திருப்பத்துல வளைக்கிறது, முன்னும் பின்னும் போய் வண்டியைத் திருப்புறது, கை சிக்னல் எல்லாம் அதே பட்டியல்லதான் வருது. நிறையப் பேர் 'எட்டு' போட்டுட்டா பாஸுன்னு அதையே நாள் பூரா சுத்திக்கிட்டு இருப்பாங்க.

நம்ம ஊர் சமவெளி, மேட்டுக்கு எங்க போறது? கண்மாய்க் கரை மேல ஏறுற பாதைதான். பாதி மேட்டுல நிறுத்தி ஹேண்ட் பிரேக் போடணும். முதல் கியர். கிளட்ச்சை விட்டுக்கிட்டே வந்து அந்தக் கனமான சத்தம் கேட்டதும் காலை அங்கயே நிறுத்தி, கொஞ்சம் ஆக்சிலரேட்டர் குடுத்து, அதுக்கப்புறம்தான் ஹேண்ட் பிரேக்கை இறக்கணும். அக்கா பண்ணின தப்பு, பதற்றத்துல ஹேண்ட் பிரேக்கை முதல்ல இறக்கினது. சித்தப்பா வண்டியிலேர்ந்து இறங்கல, திட்டல. "சத்தம் வந்துச்சா? வரலைன்னா கை பிரேக்கு பக்கமே போகக் கூடாது" - இந்த ஒரே வாக்கியம்தான் திரும்பத் திரும்ப.

இந்தப் பொறுமையையும் போஸ்ட்டாப் போடலாம்னு தோணுச்சு. ஆனா 'அன்பான டிரெய்னர்'னு எல்லாரும்தான் போடுறாங்க. அதுக்குப் பதிலா அவர் தகுதியைப் போட்டோம். பயிற்சியாளருக்குக் குறைஞ்சது பத்தாம் வகுப்பு, அஞ்சு வருஷ ஓட்டுற அனுபவம், அரசு நிறுவனத்துல மோட்டார் மெக்கானிசம் படிச்ச சான்றிதழ்னு விதி இருக்கு. ஸ்கூலோட லைசென்ஸும் டிரெய்னர்கள் பேரும் ஆபீஸ்ல கண்ணுல படுற மாதிரி மாட்டியிருக்கணும். சித்தப்பாவோட ஐ.டி.ஐ சான்றிதழை சித்தி டிரங்குப் பெட்டியிலேர்ந்து எடுத்துக் குடுத்தாங்க. இருபது வருஷத்துக்கு அப்புறம் அதுக்கு ஃபிரேம் போட்டாச்சு.

ஒரு விஷயத்துல மட்டும் ரெண்டு பேருக்கும் சண்டை. பாஸ் ஆனவங்க லைசென்ஸைக் கையில பிடிச்சு நிக்கிற போட்டோவைப் போடணும்னு சித்தப்பாவுக்கு ஆசை. அதுல முகவரி, பிறந்த தேதி எல்லாம் ஊருக்கே தெரியும். அதுவும் பெண்களோடது. வேணவே வேணாம்னு ஒத்தக் கால்ல நின்னேன். கடைசியில சாவியைக் கையில வெச்சிருக்கிற மாதிரி எடுத்துக்கலாம், அதுவும் அவங்க சம்மதிச்சா மட்டும்னு முடிவாச்சு.

நான் மதுரைக்குக் கிளம்பின அன்னிக்கு அக்காவோட நோட்டுல எட்டு மணி பத்து நிமிஷம் ஆகியிருந்துச்சு. டெஸ்டுக்குத் தேதி வாங்கிரலாமான்னு கேட்டேன். "பத்து தாண்டட்டும். அதுக்கப்புறம் என் காலை மடக்கிட்டு மூணு நாள் ரோட்ல ஓட்டணும்"னார் சித்தப்பா. எல்.எல்.ஆர் முடிய அப்ப முப்பது நாள் இருந்துச்சு. பஸ் ஸ்டாண்டுக்கு என்னைக் கொண்டுவந்து விட்டதே அக்காதான், எல் போர்டு மாட்டின வண்டியில. வழியில ரெண்டு தடவை ஆஃப் ஆச்சு. சித்தப்பா ரெண்டு காலையும் மடக்கி, சன்னல் வழியா வேடிக்கை பார்த்துட்டு வந்தார்.