கழிவு லாபமல்ல, சேதாரச் சலுகை வட்டியுமல்ல

கொட்டிவாக்கத்தில் கடலோரக் குப்பத்திலும் சரி, ஓஎம்ஆர் பக்கத்து அடுக்ககங்களிலும் சரி, மாதம் ஐயாயிரம் ஒதுக்க முடிந்தவரிடம் பெரியவர்கள் சொல்லும் யோசனை ஏறக்குறைய ஒன்றுதான். "ஒரு சீட்டுப் போடு, ஒரு நகைச்சீட்டுக் கட்டு. சீட்டில் மாதாமாதம் கழிவு வரும், நகைச்சீட்டில் சேதாரம் கிடையாது. மியூச்சுவல் ஃபண்டு பங்குச்சந்தை, அதற்கு உத்தரவாதம் இல்லை." சொல்பவர்கள் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இந்த யோசனைக்காகச் சொல்லப்படும் நான்கு வாதங்களும், கணக்கில் வைத்துப் பார்த்தால், அப்படியே நிற்பதில்லை.

முதல் வாதம், சீட்டில் கழிவு லாபம் என்பது. ஒரு சீட்டை எடுத்துக்கொள்வோம். 20 பேர், மாதம் 5,000 ரூபாய், 20 மாதம், சீட்டுத் தொகை 1 லட்சம். நடத்துபவருக்குக் கமிஷன் 5 சதவீதம், அதாவது மாதம் 5,000. (2019 திருத்தத்துக்குப் பிறகு சட்டம் 7 சதவீதம் வரை அனுமதிக்கிறது. கமிஷனுக்கு ஜிஎஸ்டி தனி.) முதல் மாதம் பணம் அவசரமாகத் தேவைப்பட்ட ஒருவர் 30,000 தள்ளி 70,000 எடுக்கிறார். தள்ளிய 30,000-ல் கமிஷன் போக மீதி 25,000 இருபது பேருக்கும் பிரிகிறது, ஆளுக்கு 1,250. அந்த மாதம் எல்லோரும் 5,000-க்குப் பதில் 3,750 கட்டினால் போதும். மாதம் போகப் போகத் தள்ளு சீராகக் குறைந்துகொண்டே வந்து, கடைசி மாதம் கமிஷன் மட்டும் கழிந்து 95,000 கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

கடைசிவரை காத்திருந்தவர் கட்டியது மொத்தம் 87,500. கையில் வந்தது 95,000. கிடைத்தது 7,500. பணம் ஒரே நாளில் போடப்படவில்லை, மாதாமாதம் போனது என்பதைச் சேர்த்துக் கணக்கிட்டால் ஆண்டுக்கு 10, 11 சதவீதம் வருகிறது. நல்ல வருமானம்தான், மறுக்கவில்லை. ஆனால் இந்த வருமானத்தைக் கொடுத்தது யார்? முதல் மாதம் 70,000 எடுத்தவரும் மொத்தம் 87,500 கட்டியே ஆகவேண்டும். அவருக்கு அந்தப் பணத்தின் விலை ஆண்டுக்கு ஏறத்தாழ 28 சதவீத வட்டி. காத்திருப்பவரின் லாபம் அவசரக்காரரின் நெருக்கடியிலிருந்து மட்டுமே வருகிறது. அந்த நெருக்கடி குறைந்த குழுவில் என்ன ஆகும் என்று பாருங்கள். அதே சீட்டு, முதல் மாதம் 20,000 மட்டும் தள்ளி எடுக்கப்பட்டு, அங்கிருந்து அதேபோல் சீராகக் குறைந்தால், கடைசியில் எடுப்பவர் 92,500 கட்டி 95,000 வாங்குகிறார். ஆண்டுக்கு மூன்றரை சதவீதம். வங்கியில் ஆர்.டி. போட்டிருந்தால் இதைவிடக் கூடுதலாகக் கிடைத்திருக்கும்.

ஆகவே சீட்டுக்கு நிலையான வட்டி எதுவும் கிடையாது. கூட இருக்கும் பத்தொன்பது பேருக்கும் எவ்வளவு அவசரம் என்பதுதான் உங்கள் வருமானத்தைத் தீர்மானிக்கிறது, சேரும்போது அது யாருக்கும் தெரியாது. தெரிவது ஒன்றுதான்: மாதம் 5,000 வீதம் இருபது மாதம் கமிஷன் போனால் மொத்தம் 1 லட்சம், ஒரு முழுச் சீட்டுத் தொகை. இருபது பேர் சேர்ந்து இருபது சீட்டுக்கான பணத்தைக் கட்டி, தங்களுக்குள் பத்தொன்பதைத்தான் பிரித்துக்கொள்கிறார்கள். சில உள்ளூர்ச் சீட்டுகளில் முதல் மாதத்தைத் தள்ளில்லாமல் நடத்துபவரே எடுத்துக்கொள்வதும் உண்டு. அங்கே முதல் மாதக் கழிவும் இல்லை.

இரண்டாவது வாதம், நகைச்சீட்டில் சேதாரம் இல்லாததால் பெரிய மிச்சம் என்பது. மாதம் 5,000 வீதம் 11 மாதம் கட்டினால் 55,000. பதினோரு மாதம் என்பது தற்செயலாக வந்த கணக்கல்ல. 2014-ன் வைப்புத்தொகை விதிகளின்படி, நிறுவனம் பொருளுக்காக வாங்கும் முன்பணம் 365 நாளுக்குள் பொருளாகக் கணக்குத் தீர்ந்துவிட்டால் அது வைப்புத்தொகை ஆகாது. அந்த எல்லைக்குள் இருக்கத்தான் திட்டங்கள் இப்படி அமைக்கப்பட்டன. உங்கள் பணம் சட்டத்தின் பார்வையில் சேமிப்பு அல்ல, நகைக்கான முன்பணம். இதை மனதில் வைத்தால் மற்றதெல்லாம் புரியும்.

14 சதவீதச் சேதாரம் உள்ள ஒரு சங்கிலியை அந்த 55,000-க்கு வாங்கினால் 7,700 ரூபாய் தள்ளுபடி ஆகிறது. ஜிஎஸ்டி எப்படியும் உண்டு. கல்யாணத்துக்கு அந்தச் சங்கிலியை வாங்கியே தீரவேண்டிய வீட்டுக்கு இந்த 7,700 உண்மையான மிச்சம். ஆனால் தங்கமாகச் சேர்த்து வைக்க விரும்புபவருக்கு இதில் எதுவும் இல்லை. நாணயமாக வாங்கியிருந்தால் இவ்வளவு சேதாரம் அவர் தலையில் விழுந்தே இருக்காது. நாளை அந்தச் சங்கிலியை விற்கப் போனால் கடைக்காரர் தங்கத்தின் எடைக்குத்தான் விலை சொல்வார், தள்ளுபடியான சேதாரத்துக்கு யாரும் பணம் தரமாட்டார்கள். மேலும் சேதார விகிதத்தை வைப்பது அதே கடை. பக்கத்துக் கடையில் பேரம் பேசி 8 சதவீதத்துக்கு அதே மாதிரிச் சங்கிலி கிடைக்குமானால், உங்கள் மிச்சம் 7,700 அல்ல, 4,400 தான்.

இன்னொரு விஷயம் பலர் கவனிப்பதில்லை. கட்டும் பணம் பணமாகவே வரவு வைக்கப்படுகிறதா, அன்றைய விலையில் கிராமாக வரவு வைக்கப்படுகிறதா என்று அட்டையைப் பாருங்கள். பணமாக வைக்கும் திட்டத்தில், பதினோரு மாதத்தில் தங்கம் சீராக 20 சதவீதம் ஏறினால், மாதாமாதம் கிராமாகச் சேர்த்தவரைவிட உங்களுக்கு ஏறத்தாழ 9 சதவீதம் எடை குறையும். சேதாரத்தில் மிச்சமானதில் பெரும்பகுதி அங்கேயே கரைந்துவிடும். தங்கம்தான் வேண்டும், நகை இப்போது வேண்டாம் என்பவர்களுக்கு மியூச்சுவல் ஃபண்டுகளிலேயே தங்க ஃபண்டு இருக்கிறது. இந்தியாவில் தங்க ஈடிஎஃப் 2007-லேயே வந்துவிட்டது. அதில் சேதாரமும் இல்லை, பாதியில் நிறுத்தினால் சலுகை போகும் என்ற நிபந்தனையும் இல்லை.

மூன்றாவது வாதம்தான் மிகவும் ஆபத்தானது: சீட்டுக்கும் கடைக்கும் உத்தரவாதம் உண்டு, ஃபண்டுக்கு இல்லை என்பது. 1982-ன் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்த சீட்டில், நடத்துபவர் ஒரு சீட்டுத் தொகைக்குச் சமமான பணத்தைப் பதிவாளர் பெயரில் வைக்கவேண்டும். நம் கணக்கில் அது 1 லட்சம். பத்தாவது மாதத்தில் இன்னும் எடுக்காத பத்துப் பேர் ஆளுக்கு 40,000-க்கு மேல் கட்டியிருப்பார்கள், மொத்தம் 4 லட்சம். வைப்பில் இருப்பதோ 1 லட்சம். மீதி 3 லட்சம் எங்கே இருக்கிறது? ஏற்கெனவே எடுத்துவிட்ட பத்துப் பேர் இனிமேல் கட்டப்போகும் தவணைகளில். அவர்களும் அவர்களுடைய ஜாமீன்தாரர்களும் நாணயமாக இருக்கும்வரைதான் உங்கள் பணம். இது பதிவு செய்த சீட்டின் நிலைமை. தெருவில் தெரிந்த அக்கா நடத்தும் பதிவில்லாத சீட்டில் அந்த 1 லட்சமும் இல்லை. தனிநபர் ஒருவர் நடத்தும் எல்லாச் சீட்டுகளின் மொத்தத் தொகை 3 லட்சத்தைத் தாண்டக் கூடாது என்பதும் சட்டம். ஒரே ஆள் நான்கைந்து சீட்டு ஓட்டுகிறார் என்று தெரிந்தால் விலகி இருப்பது நல்லது.

நகைக்கடை விஷயத்தில் சென்னைக்கு நல்ல ஞாபகம் இருக்கவேண்டும். நாதெள்ளா சம்பத் ஜுவல்லரி 2017 பிற்பகுதியில் கடைகளை மூடியபோது, சேமிப்புத் திட்டத்தில் கட்டியவர்கள் அட்டையோடு காவல்துறையிடம் போய் நின்றார்கள். அடுத்த ஆண்டு வங்கிக் கடன் தொடர்பாக சிபிஐ வழக்குப் பதிந்தது. 2023-ல் திருச்சியின் பிரணவ் ஜுவல்லர்ஸ் தங்கத் திட்டம் தொடர்பான புகார்களில் அமலாக்கத்துறை சோதனை நடத்தியது. பெரிய கடை, பழைய பெயர் என்பது பாதுகாப்பு அல்ல. கடை விழுந்தால் முன்பணம் கட்டியவர் கையில் எந்த அடமானமும் இல்லை, வங்கியிடம் இருக்கிறது.

மியூச்சுவல் ஃபண்டில் உங்கள் பணம் அந்த நிறுவனத்தின் பணம் அல்ல. அது ஒரு அறக்கட்டளையின் பெயரில் இருக்கிறது, பத்திரங்களை வைத்திருப்பது வேறொரு காப்பாளர். 2020 ஏப்ரல் 23 அன்று ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் தன்னுடைய ஆறு கடன் ஃபண்டுகளை மூடியது. பணம் எடுக்க முடியாமல் லட்சக்கணக்கானோர் தவித்தார்கள், சென்னையைச் சேர்ந்த முதலீட்டாளர் அமைப்பும் நீதிமன்றம் போனது. 2021-ல் உச்ச நீதிமன்றம் பணத்தைப் பிரித்துக் கொடுக்க அனுமதித்தது. பத்திரங்கள் தனியாக இருந்ததால், ஃபண்டுகளை மூடிய நாளில் இருந்த மதிப்பு படிப்படியாக முதலீட்டாளர்களுக்குத் திரும்பியது. தாமதமும் தவிப்பும் உண்மை. ஆனால் மூடிய கடையின் அட்டையோடு நிற்பதும் இதுவும் ஒன்றல்ல.

அதற்காக ஃபண்டில் மதிப்பே இறங்காது என்று யாராவது சொன்னால் அதுவும் பொய். 2020 ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் நிஃப்டி 38 சதவீதம் அளவுக்கு விழுந்தது. அந்த ஏப்ரலில் பள்ளிக் கட்டணத்துக்காகப் பங்கு ஃபண்டை உடைத்தவருக்குப் பெரிய நஷ்டம். ஆனால் இருபது மாதத்தில் தேவைப்படும் பணத்தைப் பங்கு ஃபண்டில் போடுவதே தவறு. இருபது மாதச் சீட்டோடு ஒப்பிடவேண்டியது லிக்விட் ஃபண்டும் குறுகிய காலக் கடன் ஃபண்டும்தான். அண்மை ஆண்டுகளில் லிக்விட் ஃபண்டுகள் ஏறத்தாழ 6 முதல் 7 சதவீதம் தந்திருக்கின்றன, வேலைநாளில் விற்றால் அடுத்த வேலைநாளே பணம் வரும். மியூச்சுவல் ஃபண்டு என்றாலே பங்குச்சந்தை என்று நினைப்பதால்தான் இந்த ஒப்பீடே தடம் மாறுகிறது. பங்கு ஃபண்டு ஏழு, பத்து வருடம் தொடாமல் இருக்க முடிந்த பணத்துக்கானது.

கடைசி வாதம், சீட்டு கட்டாயப்படுத்தும், எஸ்ஐபி நிறுத்திவிடலாம் என்பது. இதை முழுதாக மறுக்க முடியாது. தெரிந்தவர்கள் நடுவில் கட்டும் பணத்தை நிறுத்த மனம் வராது, வங்கியிலிருந்து தானாகப் போகும் பணத்தை ஒரு அழுத்தத்தில் நிறுத்திவிடலாம். ஆனால் ஒரு மாதம் சம்பளம் வராமல் போகும்போது நிலைமை தலைகீழ். சீட்டில் தவணை தவறினால் கழிவு போகும், தொடர்ந்து தவறினால் சட்டப்படியே நீக்கலாம். நகைச்சீட்டில் சலுகை போகும். எஸ்ஐபியில் ஃபண்டு அபராதம் கேட்பதில்லை, கணக்கில் பணம் இல்லாததற்காக வங்கிதான் கேட்கும். அதைத் தவிர்க்க முன்கூட்டியே நிறுத்தி வைக்கலாம்.

சீட்டு பயனுள்ளது யாருக்கு என்றால், கடன் வாங்க வேண்டியவருக்கு. சம்பளச் சீட்டு இல்லாத மீன் வியாபாரி, தள்ளுவண்டிக்காரர், வலையும் இன்ஜினும் வாங்க வேண்டியவர், இவர்களுக்கு வங்கி கதவு திறக்காதபோது சீட்டு திறக்கிறது. தெருவட்டிக்காரரிடம் போவதைவிட அந்த 28 சதவீதம் எவ்வளவோ மேல். கல்யாணத்துக்கு நகை உறுதியாக வாங்கவேண்டிய வீட்டுக்கு, கிராமாக வரவு வைக்கும் நகைச்சீட்டு ஒரு பதினோரு மாதத்துக்குச் சரி. கடனும் வேண்டாம், நகையும் வேண்டாம், மாதம் 5,000 சேர்ந்தால் போதும் என்பவர் இரண்டிலும் போடவேண்டாம். இரண்டு வருடத்துக்குள் தேவை என்றால் ஆர்.டி. அல்லது லிக்விட் ஃபண்டு, பத்து வருடத்துக்கு அப்புறம் என்றால் கமிஷன் இல்லாத நேரடித் திட்டத்தில் ஒரு குறியீட்டு ஃபண்டு. இப்போது சீட்டுக் கட்டிக்கொண்டிருப்பவர்கள் அடுத்த ஏலத்துக்குப் போகும்போது, பதிவாளர் கொடுத்த தொடக்கச் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.