மடிப்பில் மறைந்த சந்திரன்

விருத்தாசலத்தை அடுத்த மங்களூரில் ஓர் இல்லம். பேரனுக்குப் பெண் தேடிக்கொண்டிருந்த பெரியவருக்கு, பெண் வீட்டார் ஜாதகக் குறிப்பைப் படமெடுத்துக் கைபேசியில் அனுப்பியிருந்தனர். பெண் 1997-இல் பிறந்தவள். ராசிக் கட்டத்தின் மேல் வரிசையில், இடக்கோடி மீனத்தில் ‘ச’ என்ற எழுத்து மட்டும் தெரிந்தது. மிச்சத்தைத் தாளின் மடிப்பு விழுங்கியிருந்தது. பெரியவர் அதைச் சந்திரன் என்று கொண்டார். பேரன் துலாம் ராசி. மீனத்திலிருந்து எண்ணினால் துலாம் எட்டாவது, சஷ்டாஷ்டகம். நமக்கு ஒத்துவராது என்று கைபேசியை மூடி வைத்துவிட்டார்.

அருகிலிருந்து பார்த்த அவருடைய துணைவியார் கேட்டார்: “ஏங்க, மேலே பரணி என்று எழுதியிருக்கிறதே. பரணி மீனத்திலா வரும்?”

பரணி நான்கு பாதமும் மேஷத்தில் அடங்கும். ஆகவே சந்திரன் அடுத்த கட்டத்தில் இருந்தாக வேண்டும். மீனத்தில் நின்ற ‘ச’, சனி. சனி ஒரு ராசியைக் கடக்க ஏறத்தாழ இரண்டரை ஆண்டு ஆகும். 1997 முழுவதும் அது மீனத்தில்தான் இருந்தது. அவ்வாண்டு பிறந்த வேறு எந்தக் குழந்தையின் ஜாதகத்தை எடுத்துப் பார்த்தாலும் இது தெரிந்துவிடும்.

ஜாதகம் எழுதுவோர் கிரகப் பெயரை முழுமையாக எழுதுவதில்லை. சூ, சுக், சந், சனி என நான்கும் சகர வரிசையிலேயே தொடங்குவதால், படம் சற்றே மங்கினாலும் ஒன்று மற்றொன்றாகத் தோன்றும். ‘குரு’வில் பின்னெழுத்து மறைந்தால் அது ‘கே’யோ என்று ஐயம் எழும். எனவே பலன் பார்ப்பதற்கு முன், கட்டத்தில் உள்ளதை உள்ளபடி ஒரு தாளில் பெயர்த்தெழுதுவது நல்லது. மேல் வரிசையில் இடமிருந்து இரண்டாவது கட்டம் மேஷம். அங்கே தொடங்கி வலப்புறமாகச் சுற்றிவந்தால், இடக்கோடி மீனத்தில் முடியும். வெற்றுக் கட்டத்திற்கும் ‘இல்லை’ என்று எழுதவேண்டும். இல்லாவிடில் ஒரு கட்டம் தாண்டிப்போனது தெரியாது.

அனைவரும் அறிந்த ஒரு நேரத்தை எடுத்துக்கொள்வோம். 1947 ஆகஸ்ட் 15, நள்ளிரவு, டெல்லி. நாடு விடுதலை பெற்ற வேளை. மேஷம் இல்லை. ரிஷபத்தில் ல, ரா. மிதுனத்தில் செ. கடகத்தில் சூ, சந், பு, சுக், சனி. சிம்மம், கன்னி இல்லை. துலாத்தில் குரு. விருச்சிகத்தில் கே. தனுசு முதல் மீனம் வரை நான்கும் இல்லை. எண்ணிப் பார்த்தால் லக்னத்தோடு பத்து. மாந்தியையும் குறிக்கும் வழக்கமுள்ள ஜாதகமாயின் பதினொன்று. எண்ணிக்கை குறைந்தால், ஏதோ ஓர் எழுத்து மடிப்பிலோ ஓரத்திலோ ஒளிந்திருக்கிறது என்று பொருள்.

இந்த ஜாதகத்தில் மயக்கம் தரும் அந்த நான்கு எழுத்துகளும் ஒரே கட்டத்தில் நெருங்கி நிற்கின்றன. அதுவும் கடகம், வல ஓரத்துக் கட்டம். படமெடுக்கும்போது முதலில் வெட்டுப்படுவது ஓரம்தானே! ஆனால் எழுத்தைச் சோதிக்க வானமே வழி தருகிறது. ஆடி மாதம், ஆகவே சூரியன் கடகம். பூச நட்சத்திரம், ஆகவே சந்திரனும் கடகம். அமாவாசை நெருங்கிய நாள் என்பதால் இருவரும் ஒரே வீட்டில் இருப்பதில் வியப்பில்லை. ராகுவுக்கு ஏழாம் கட்டத்தில் கேது நிற்கிறது. இது எந்த ஜாதகத்திலும் மாறாது.

புதனையும் பார்க்கவேண்டும். புதன் சூரியனை விட்டு 28 பாகைக்கு மேல் விலகுவதில்லை. ஆகவே சூரியன் நிற்கும் கட்டத்திலோ, அதன் முன் கட்டத்திலோ, பின் கட்டத்திலோதான் இருக்கும். நாலு கட்டம் தள்ளி ‘பு’ தெரிந்தால், பெரும்பாலும் ராசிக்குப் பதில் பக்கத்திலுள்ள நவாம்சக் கட்டத்தைப் படித்திருக்கிறோம். அம்சத்தில் இந்த விதி செல்லாது. படத்தில் இரண்டு கட்டங்களும் ஒன்றுபோலவே இருப்பதால், நடுவில் எழுதியிருக்கும் ‘ராசி’, ‘அம்சம்’ என்ற சொல்லை முதலில் பார்த்துவிடுவது உத்தமம். எழுத்தருகே ‘வ’ இருந்தால் அது வக்கிரம், தனிக் கிரகமன்று.

மங்களூர்ப் பெரியவர் பெண் வீட்டாரைத் தொலைபேசியில் அழைத்தார். தாளை மேசைமேல் விரித்து, மடிப்பை நீவி, பகல் வெளிச்சத்தில் நேர் மேலிருந்து மீண்டும் ஒரு படம் எடுத்தனுப்பக் கேட்டுக்கொண்டார். மாலையில் படம் வந்தது. மீனத்தில் ‘சனி’; மேஷத்தின் மூலையில், கோட்டை ஒட்டிச் சின்னதாக, ‘சந்’. மேஷத்திலிருந்து துலாம் ஏழாவது. வெள்ளிக்கிழமை பெண் வீட்டார் விருத்தாசலம் பழமலைநாதர் சந்நிதிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.