மாட்டுக்குப் போட்ட ஊசி மருந்து நாய்க்கு வேண்டாம்

பாகூர், வில்லியனூர், நெட்டப்பாக்கம் பகுதிகளில் பம்புசெட்டுக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் காவலாக ஜெர்மன் ஷெப்பர்டு நாய்களையும் அவற்றின் கலப்பினங்களையும் பல விவசாயிகள் வளர்க்கிறார்கள். மாட்டின் உண்ணிக்கு வாங்கிய ஐவர்மெக்டின் குப்பியில் மீதம் இருந்தால், 'நாய்க்கும் உண்ணிதானே' என்று ஒரு மில்லி ஏற்றிவிடுவதும் நடக்கிறது. நான் பயிர் படித்தவன், கால்நடை மருத்துவன் அல்ல. ஆனாலும் இந்தப் பழக்கத்தை நிறுத்த வேண்டும் என்று சொல்ல ஒரு சிறு கணக்கே போதும்.

குப்பியில் இருப்பது ஒரு சதவீத மருந்து. ஒரு மில்லியில் 10 மில்லிகிராம் இருக்கும். மாட்டுக்கு 50 கிலோ எடைக்கு ஒரு மில்லி என்பது அளவு. அதே ஒரு மில்லியை 30 கிலோ நாய்க்குப் போட்டால், கிலோவுக்கு 333 மைக்ரோகிராம் போய்ச் சேருகிறது. நாயின் இதயப்புழுத் தடுப்புக்குத் தேவையான அளவு கிலோவுக்கு வெறும் 6 மைக்ரோகிராம்தான். அந்த அளவில் இந்த நாய்க்கு வேண்டியது குப்பி மருந்தில் ஒரு சொட்டின் பாதிக்கும் குறைவு. அதைச் சாதாரண சிரிஞ்சில் சரியாக அளப்பது கடினம்.

பெரும்பாலான நாய்கள் இந்த 333-ஐத் தாங்கிவிடும். சொறிக்கு மருத்துவர்களே 300 முதல் 600 வரை கொடுப்பதுண்டு. பக்கத்து வீட்டு நாட்டு நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை என்பதால்தான் நம்பிக்கை வளர்கிறது. சிக்கல் ஆடு மேய்க்கப் பழக்கிய சில வெளிநாட்டு இனங்களில் இருக்கிறது. அவற்றில் எம்.டி.ஆர்-1 என்ற மரபணுவில் நான்கு எழுத்துகள் விடுபட்டிருக்கின்றன.

நாற்றங்காலில் புகும் உபரி நீரை மோட்டார் வைத்து வெளியே இறைப்போம் அல்லவா? மூளையின் ரத்தக் குழாய்ச் சுவரிலும் அப்படி ஒரு புரதம், உள்ளே நுழையும் மருந்தைத் திருப்பி இறைத்துக்கொண்டே இருக்கிறது. எழுத்துகள் விடுபட்ட நாயில் அந்த மோட்டார் ஓடாது, மருந்து மூளையிலேயே தேங்கும். கோலி இன நாய்களுக்கு ஐவர்மெக்டின் ஆகாது என்று 1980-களிலேயே கவனித்தார்கள். மரபணுக் காரணம் 2001-ல்தான் வெளிவந்தது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் இந்தக் குறை வந்த நாய்க்கு, கிலோவுக்கு 100 மைக்ரோகிராமுக்கு மேல் போனாலே ஆபத்து. நம் ஒரு மில்லி அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல்.

வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகப் பரிசோதனைகளில், குறைந்தது ஒரு பழுதான மரபணுவாவது இருந்தது கோலியில் பத்துக்கு ஏழு, ஆஸ்திரேலியன் ஷெப்பர்டில் பாதி, ஜெர்மன் ஷெப்பர்டில் பத்துக்கு ஒன்று. அவை அமெரிக்க நாய்களின் கணக்கு. இருந்தாலும் பத்தில் ஒன்று என்பது நான் சூதாடும் விகிதம் அல்ல. 'வெள்ளைக் கால் நாய்க்கு இந்த மருந்து வேண்டாம்' என்று அங்கே ஒரு பழமொழியே உண்டு. ஆனால் நிறத்தையோ காலையோ பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. கலப்பின நாய்க்கும் இந்தக் குறை வரலாம். கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக் குச்சியால் தேய்த்து எடுத்துச் செய்யும் மரபணுச் சோதனைதான் வழி.

ஐவர்மெக்டினோடு இது முடிவதில்லை. வயிற்றுப்போக்குக்கு வீட்டில் வைத்திருக்கும் லோபெரமைடு மாத்திரை, மற்ற நாயின் மூளைக்குள் புகாது. இந்த நாயையோ மயங்கித் தள்ளாட வைக்கும். அசிப்ரோமசின் மயக்க மருந்தை மருத்துவர் கால் பங்கு முதல் பாதி வரை குறைத்துத்தான் தருவார். நம் ஊர் நாய்களில் அடிக்கடி காணும் பிறப்புறுப்புக் கட்டிக்கு வின்கிறிஸ்டின் ஊசி போடுவார்கள். இந்தக் குறை உள்ள நாயில் அது ரத்த அணுக்களை வெகுவாகக் குறைத்துவிடும். அந்தச் சிகிச்சைக்குப் போகும்போது நாயின் இனத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இன்னொரு வழியையும் கவனிக்க வேண்டும். மாட்டுக்குப் போட்ட ஐவர்மெக்டின் பெரும்பகுதி சாணத்தில்தான் வெளியேறுகிறது. அதைத் தின்னும் நாய்க்கும் மருந்து போய்ச் சேரும். ஊசி போட்ட சில நாட்களுக்கு நாயைக் கட்டிவைப்பதோ, சாணத்தை உடனே அள்ளுவதோ நல்லது. மாட்டுக்கு ஊசி போட வரும் கால்நடைப் பணியாளர், 'வீட்டில் என்ன நாய் இருக்கிறது?' என்று ஒரு வார்த்தை கேட்பதை வழக்கமாக்கிக் கொள்ளலாம்.

கண்மணி விரிந்திருத்தல், எச்சில் வடிதல், குடிபோதை போலத் தள்ளாட்டம், நடுக்கம், பார்வை தெரியாமல் சுவரில் முட்டுதல் ஆகியவை அடையாளங்கள். முற்றினால் நினைவு தப்பும். முறிவு மருந்து கிடையாது. வாய்வழி போயிருந்தால் முதல் சில மணி நேரத்தில் மருத்துவர் வாந்தி எடுக்க வைத்து, கரித்தூள் கொடுக்க முடியும். ஊசியாகப் போயிருந்தால் அதை வெளியே எடுக்க வழியில்லை. குளுக்கோஸ் ஏற்றி, புரட்டிப் படுக்க வைத்து, மூச்சைப் பார்த்துக்கொண்டு நாட்கணக்கில், சில நேரம் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அப்படிப் பராமரித்தால் பிழைக்கும் நாய்கள் உண்டு. ஆகவே குரும்பாபேட்டிலுள்ள ராஜீவ்காந்தி கால்நடைக் கல்வி நிலையத்துக்கோ பக்கத்துக் கால்நடை மருத்துவமனைக்கோ குப்பியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எத்தனை மில்லி போட்டீர்கள் என்பதை மறைக்காதீர்கள்.

உண்ணிக்கு வேறு மருந்தே இல்லையா என்றால், இருக்கிறது. ஃப்ளூரலானர், அஃபாக்சோலானர் மாத்திரைகள் இந்த நாய்களுக்கும் பொருந்தும். வலிப்பு வரும் நாயாக இருந்தால் மட்டும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். விலை கூடுதல்தான். குடற்புழுவுக்கு ஃபென்பென்டசோல் போதும்.