விமான டிக்கெட்டில் பாதிப் பணம் எங்கே போகிறது?

திருவனந்தபுரத்திலிருந்து சென்னைக்கு 1,499 ரூபாய் என்று விளம்பரத்தில் போட்டிருப்பதைப் பார்த்து, அனந்தபுரி எக்ஸ்பிரஸில் இடம் கிடைக்காத ஒருவர் விமான டிக்கெட் எடுக்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். பணம் கட்டும் கட்டத்துக்கு வரும்போது தொகை 2,700 ரூபாயைத் தாண்டி நிற்கிறது. ஏஜெண்டு ஏமாற்றுகிறாரோ என்ற சந்தேகம் வருவது இயல்பு. பெரும்பாலும் ஏஜெண்டு மீது தவறில்லை. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருந்தது விமானக் கம்பெனியின் அடிப்படைக் கட்டணம் மட்டுமே. அதன் மேல் ஏறும் தொகைகள் வேறு வேறு இடங்களுக்குப் போகின்றன. எது எங்கே போகிறது என்று தெரிந்தால்தான் இரண்டு டிக்கெட்டுகளை ஒப்பிட முடியும்.

இவற்றில் பெரியது விமான நிலையத்துக்குப் போகும் பயனாளர் மேம்பாட்டுக் கட்டணம். திருவனந்தபுரம் விமான நிலையத்தை 2021 அக்டோபர் 14ஆம் தேதி அதானி நிறுவனம் ஏற்றுக்கொண்டது. 2019ல் நடந்த ஏலத்தில் பயணி ஒருவருக்கு 168 ரூபாய் தருவதாக அது கேட்டது. கேரள அரசின் தொழில் வளர்ச்சிக் கழகம் 135 ரூபாய்தான் கேட்டது. நிர்வாகம் தனியாரிடம் போனாலும், பயணியிடம் எவ்வளவு வசூலிக்கலாம் என்பதை அவர்கள் இஷ்டத்துக்கு வைக்க முடியாது. விமான நிலையப் பொருளாதார ஒழுங்குமுறை ஆணையம் என்ற மத்திய அமைப்புதான் அதை நிர்ணயிக்கிறது. நிலையத்தை நடத்தும் செலவு, புதிதாகக் கட்டும் முதலீடு, அதன் மேல் ஒரு லாபம் ஆகியவற்றைக் கூட்டி ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு தொகையை ஆணையம் அனுமதிக்கும். விமானங்கள் இறங்குவதற்கும் நிறுத்துவதற்கும் வாங்கும் கட்டணங்களில் வராத மீதி, பயணிகள் தலையில் விழும்.

இங்கே அந்த ஐந்தாண்டுக் கணக்கு 2022 ஏப்ரலில் தொடங்கி 2027 மார்ச்சில் முடிகிறது. ஆனால் உத்தரவு வந்ததோ 2024 ஜூனில். வசூல் தொடங்கியது ஜூலை முதல் தேதி. இரண்டே கால் ஆண்டு கழிந்த பிறகு மீதியிருந்த காலத்தில் மொத்தத் தொகையையும் எட்ட வேண்டியிருந்தது. ஏற்றம் இவ்வளவு செங்குத்தாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அதுவரை உள்நாட்டுப் பயணி 506 ரூபாய் கொடுத்து வந்தார். புதிய உத்தரவு புறப்படுகிறவருக்கு 770 ரூபாய் என்றதோடு, வந்து இறங்குகிறவருக்கும் 330 ரூபாய் என்று விதித்தது. 2025 ஏப்ரலிலிருந்து இவை 840, 360 என்றும், 2026 ஏப்ரலிலிருந்து 910, 390 என்றும் உயரும்படி அதே உத்தரவில் வகுக்கப்பட்டது. வெளிநாடு போகிறவருக்கு இது ஏறக்குறைய இரட்டிப்பு: 2026–27ல் புறப்பாட்டுக்கு 1,820, வருகைக்கு 780. வளைகுடாவில் கூலி வேலை செய்து விட்டு விடுமுறைக்கு வந்து திரும்பும் தொழிலாளி இந்த ஒரு வகையில் மட்டும் 2,600 ரூபாய் கொடுக்கிறார். அவர் டிக்கெட் பத்தாயிரமா, நாற்பதாயிரமா என்பதைப் பற்றி இந்தக் கட்டணத்துக்குக் கவலை இல்லை.

இதில்தான் விஷயம் இருக்கிறது. இது சதவீதக் கணக்கு அல்ல, தலைக்கு இவ்வளவு என்ற கணக்கு. டிக்கெட் எவ்வளவு மலிவோ, அவ்வளவுக்கு இதன் பங்கு பெரிதாகத் தெரியும். பாதுகாப்புக் கட்டணமும் அப்படியே: 2021 ஏப்ரல் முதல் உள்நாட்டுப் புறப்பாட்டுக்கு 200 ரூபாய், வெளிநாட்டுப் புறப்பாட்டுக்கு 12 டாலர். சிறு ஊர்களுக்கான விமானத் திட்டத்துக்கென்று சுமார் 50 ரூபாயும் சேருகிறது. சாதாரண வகுப்புக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. மட்டுமே கட்டணத்தோடு ஏறி இறங்கும். 2014 ஏப்ரலில் ஸ்பைஸ்ஜெட் 1 ரூபாய் அடிப்படைக் கட்டணம் என்று அறிவித்தபோதும், அன்றிருந்த தலைவரி வகைகள் ஒன்றுகூடக் குறையவில்லை. விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அந்த விற்பனையையே நிறுத்தச் சொன்னது வேறு கதை.

இதுவரை சொன்னவை விமானக் கம்பெனிக்குச் சொந்தமில்லாத பணம். எரிபொருள் கூடுதல் கட்டணம் அப்படியல்ல. வரிகளோடு வரியாக அதே பத்தியில் அச்சிடப்பட்டாலும், அது முழுக்கக் கம்பெனியின் கல்லாவுக்குத்தான் போகிறது. டிக்கெட்டில் YQ அல்லது YR என்ற எழுத்துகளுக்கு எதிரே இருப்பது இதுவே. இண்டிகோ 2023 அக்டோபர் 6ஆம் தேதி தூரத்தைப் பொறுத்து 300 முதல் 1,000 ரூபாய் வரை இதை விதித்தது. 501 முதல் 1,000 கிலோமீட்டர் வரை 400 ரூபாய்; சென்னைப் பயணம் இந்தப் பிரிவில் விழுந்தது. எண்ணெய் விலை இறங்கியதென்று 2024 ஜனவரி 4ஆம் தேதி அதை விலக்கியும் கொண்டது. சர்க்கார் விதித்ததாக இருந்தால் கம்பெனி தன் விருப்பப்படி எடுத்துவிட முடியுமா?

எண்ணெய் விலை ஏறினால் அடிப்படைக் கட்டணத்தையே ஏற்றிவிடலாமே, தனியாக எதற்கு என்று கேட்கலாம். தனியாக வைப்பதில் கம்பெனிக்குச் சில சௌகரியங்கள் உண்டு. விளம்பரத்துக்குச் சிறிய எண் கிடைக்கிறது. ஏஜெண்டுக் கமிஷனையும் பெரிய அலுவலகங்களுக்கான தள்ளுபடியையும் வழக்கமாக அடிப்படைக் கட்டணத்தின் மேல்தான் கணக்கிடுவார்கள். கூடுதல் கட்டணம் அதில் சிக்காது. மூன்றாவதாக, புள்ளிகளைக் கொடுத்து வாங்கும் 'இலவச' டிக்கெட்டில் தள்ளுபடியாவது அடிப்படைக் கட்டணம் மட்டுமே. மீதியை ரொக்கமாகக் கேட்கலாம்.

இந்த ஏற்பாடு வெளிநாடுகளில் கோர்ட்டு வரை போனது. பயணிகளுக்கான எரிபொருள் கட்டணத்தைப் போட்டிக் கம்பெனியோடு பேசிவைத்து நிர்ணயித்த குற்றத்துக்காக 2007ல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் பிரிட்டனில் 12 கோடியே 15 லட்சம் பவுன் அபராதத்துக்கு உள்ளானது. அதே கம்பெனி மீது 2012ல் அமெரிக்காவில் புள்ளி டிக்கெட் வாங்கியவர்கள் வழக்குப் போட்டார்கள்: எரிபொருள் என்ற பெயரில் வசூலித்த தொகைக்கும் எரிபொருள் விலைக்கும் சம்பந்தமே இல்லை என்பது அவர்கள் வாதம். 2018ல் கம்பெனி சமரசத்துக்கு வந்தது. நேர்மாறாக, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2017 மார்ச்சில் தன் விமானங்களுக்கான புள்ளி டிக்கெட்டில் எரிபொருள் கட்டணத்தை எடுத்தேவிட்டது. அப்படி எடுக்க முடிகிறதென்றால், அது வரி அல்ல, விலைதான்.

இனி ஒப்பிடும் முறைக்கு வருவோம். கீழே வரும் டிக்கெட் விலைகள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. சாலைக் கடைத்தெருவில் கணக்கெழுதும் ஒரு குமாஸ்தா 2026–27ல் சென்னைக்கு ஒரு வழிப் பயணம் போகிறார். முதல் கம்பெனி 1,499 ரூபாய் என்கிறது, எரிபொருள் கட்டணம் இல்லை. இரண்டாவது கம்பெனி 1,099 என்கிறது, ஆனால் YR என்று 500 ரூபாய் இருக்கிறது. முதலாவதில் 1,499, ஜி.எஸ்.டி. 75, நிலையக் கட்டணம் 910, பாதுகாப்பு 200, திட்டக் கட்டணம் 50, மொத்தம் 2,734. இரண்டாவதில் ஜி.எஸ்.டி. எரிபொருள் கட்டணத்துக்கும் சேர்ந்து 80 ஆகிறது, மொத்தம் 2,839. நிலையக் கட்டணத்தின் மேல் ஏறும் ஜி.எஸ்.டி.யை இங்கே சேர்க்கவில்லை. அது இருவருக்கும் ஒன்றே. விளம்பரத்தில் 400 ரூபாய் மலிவாகத் தெரிந்தது உண்மையில் 105 ரூபாய் கூடுதல். இதோடு பெட்டிக்குத் தனிப் பணம் உண்டா என்றும் பார்க்க வேண்டும். ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் மிக மலிவான டிக்கெட்டில் கைப்பை மட்டுமே போகும்.

இதே குமாஸ்தாவிடம் கிரெடிட் கார்டில் சேர்ந்த புள்ளிகள் இருக்கின்றன. இரண்டாவது கம்பெனி 2,000 புள்ளிகள் கேட்கிறது. அடிப்படைக் கட்டணம் போய்விடும், ஆனால் 500 ரூபாய் எரிபொருள் கட்டணமும் மற்றவையும் சேர்ந்து 1,685 ரூபாய் கட்ட வேண்டும். முதல் கம்பெனி 2,500 புள்ளிகள் கேட்கிறது, ரொக்கம் 1,160 போதும். குறைந்த புள்ளி கேட்பதுதான் லாபம் என்று தோன்றும். ரொக்கம் கொடுத்து அவர் உண்மையில் வாங்கியிருக்கக்கூடிய மலிவான டிக்கெட் 2,734. அதிலிருந்து கையால் கட்டும் பணத்தைக் கழித்துப் புள்ளிகளால் வகுத்தால், இரண்டாவதில் 1,049 ரூபாயை 2,000 புள்ளி மிச்சப்படுத்துகிறது, புள்ளிக்கு 52 பைசா. முதலாவதில் 1,574 ரூபாயை 2,500 புள்ளி மிச்சப்படுத்துகிறது, புள்ளிக்கு 63 பைசா. அதே புள்ளியைக் கடைக் கூப்பனாக மாற்றினால் இதைவிட அதிகம் கிடைக்குமானால், விமானத்துக்கு ரொக்கமே கொடுப்பது மேல். வளைகுடா டிக்கெட்டுகளில் இந்தக் கணக்கு இன்னும் முக்கியம். எமிரேட்ஸ் போன்ற கம்பெனிகளின் புள்ளி டிக்கெட்டில் கம்பெனியின் சொந்தக் கூடுதல் கட்டணமே கணிசமாக வருவதுண்டு. மலிவு விற்பனைக் காலத்தில் மொத்த ரொக்க விலைக்கு அருகில் அது போய்விட்டால், புள்ளிகள் வீணாகத்தான் கரையும்.

வரிக்கும் எரிபொருள் கட்டணத்துக்கும் உள்ள வேற்றுமை டிக்கெட்டை ரத்து செய்யும்போதுதான் முழுமையாகத் தெரியும். விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2016 ஆகஸ்டு முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதிப்படி, ரத்துக் கட்டணம் அடிப்படைக் கட்டணத்தையும் எரிபொருள் கட்டணத்தையும் கூட்டிய தொகையைத் தாண்டக்கூடாது. சட்டப்படியான வரிகளையும் நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தந்தே தீர வேண்டும். 'பணம் திரும்பாது' என்று அச்சிட்ட சலுகை டிக்கெட்டுக்கும், ரத்து செய்யாமலே விமானத்தைத் தவறவிட்டவருக்கும் இது பொருந்தும். மேலே சொன்ன குமாஸ்தா ஊருக்குப் போக முடியாமற்போனால் 1,499 போகலாம். ஆனால் 910ம் 200ம் சேர்ந்த 1,110 ரூபாய் அவருடையது. இரண்டாவது டிக்கெட்டை வாங்கியிருந்தால் YR 500 ரூபாயும் கம்பெனிக்கே போகலாம். பலர் கேட்பதேயில்லை; கேட்காதவருக்குத் தானாக வந்து சேராத பணம் இது. டிக்கெட் ஏஜெண்டு மூலம் வாங்கியதாக இருந்தாலும் பொறுப்பு விமானக் கம்பெனியுடையது. கடைசியில் பணம் கட்டும்போது 'சௌகரியக் கட்டணம்' என்று சேர்த்த தொகை மட்டும் பொதுவாகத் திரும்புவதில்லை.

டிக்கெட்டின் கட்டண விவரத்தில் K3 என்பது ஜி.எஸ்.டி., IN என்பது நிலையக் கட்டணம், P2 என்பது பாதுகாப்புக் கட்டணம். இந்த மூன்றையும் தவிர்த்து YQ, YR ஆகியவற்றை அடிப்படைக் கட்டணத்தோடு கூட்டிப் பார்த்தால் கிடைப்பதே அந்தக் கம்பெனி கேட்கும் உண்மையான விலை. திரும்பி வரும் டிக்கெட்டைச் சென்னையிலிருந்து தனியாக வாங்கினால், அதில் திருவனந்தபுரத்தில் இறங்குவதற்கான 390 ரூபாயும் ஏறியிருக்கும். 2027 மார்ச்சுக்குப் பிறகு ஆணையம் புதிய ஐந்தாண்டுக்கு என்ன வகுக்கிறதோ, அதுவரை இந்த எண்களே நிற்கும்.