மக்ஸ் பெயின்: விலையை இழுக்கிறது ஆர்?

ஒப்ஷன் சந்தையைப் பற்றிக் கதைக்கும் தமிழ் யூடியூப் சனல்களில் எக்ஸ்பயரி கிட்ட வந்தால் ஒரு சொல் தவறாமல் வரும்: மக்ஸ் பெயின். "ஒப்ஷன் வாங்கின சின்ன ஆக்கள் எல்லாரும் ஆகக் கூடுதலாக நட்டப்படுகிற விலை இது. வித்த பெரிய கைகள் விலையை இங்கதான் கொண்டுவந்து நிப்பாட்டுவினம்" எண்டு அடித்துச் சொல்லுவார்கள். கேட்க நல்லாத்தான் இருக்கும். பெரியவன் சின்னவனை ஏமாற்றுகிறான் என்ற கதையை நாங்கள் நம்புவதற்கு அதிக நேரம் எடுக்காது.

என்னுடைய கருத்து இதுதான்: விலையை ஒரு ஸ்ட்ரைக் பக்கம் இழுக்கிற விசை ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் மக்ஸ் பெயின் என்ற எண் அந்த விசையை அளப்பதில்லை. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிற இடத்தில்தான் காசு போகிறது.

முதலில் அந்த எண் எப்படி வருகிறது எண்டு பார்ப்போம். கோல் ஒப்ஷன் என்பது குறித்த விலையில் பங்கை வாங்கும் உரிமை. புட் ஒப்ஷன் என்பது குறித்த விலையில் விற்கும் உரிமை. அந்தக் குறித்த விலைதான் ஸ்ட்ரைக். இன்னும் முடிக்கப்படாமல் திறந்திருக்கிற ஒப்பந்தங்களின் எண்ணிக்கை ஓபன் இன்ரறெஸ்ட். ஒரு பங்குக்கு 95, 100, 105 என்று மூன்று ஸ்ட்ரைக் மட்டும் இருக்குது எண்டு வையுங்கோ. கோல்களின் ஓபன் இன்ரறெஸ்ட் முறையே 10, 40, 60. புட்களுக்கு 50, 30, 10.

இப்போது பங்கு எக்ஸ்பயரி நாளில் 95 இல் முடிந்தால் என்ன நடக்கும்? கோல்கள் எதற்கும் பெறுமதி இல்லை. 100 புட் ஒவ்வொன்றும் 5 டொலர், 105 புட் ஒவ்வொன்றும் 10 டொலர். அதாவது 150 உடன் 100 சேர்த்து மொத்தம் 250. 100 இல் முடிந்தால், 95 கோல்களுக்கு 50, 105 புட்களுக்கு 50, மொத்தம் 100. 105 இல் முடிந்தால், 95 கோல்களுக்கு 100, 100 கோல்களுக்கு 200, மொத்தம் 300. ஆகக் குறைந்த தொகை 100 ஸ்ட்ரைக்கில் வருகிறது. அதுதான் மக்ஸ் பெயின். அவ்வளவுதான் விஷயம், கூட்டலும் பெருக்கலும்.

இந்தக் கணக்குக்குள்ளே இரண்டு ஊகங்கள் சத்தமில்லாமல் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, வித்தவர்கள் எல்லாரும் ஒரே கட்சி, எல்லாருக்கும் ஒரே விருப்பம். உண்மையில் 105 கோலை வித்தவர் அந்தப் பங்கைக் கையில் வைத்துக்கொண்டே வித்திருக்கலாம். விலை 105 வரைக்கும் ஏறினால் அவருக்குச் சந்தோஷம்தான். இரண்டாவது, வாங்கினவர் சின்னவர், வித்தவர் பெரியவர். ஓபன் இன்ரறெஸ்ட் எத்தனை ஒப்பந்தம் திறந்திருக்கு எண்டு சொல்லுமே தவிர, எந்தப் பக்கத்தில் ஆர் நிற்கிறார் எண்டு சொல்லாது.

அதே உதாரணத்தில் ஒரு சின்ன மாற்றம் செய்வோம். சில வாரங்களுக்கு முன்னர் பங்கு 107 இல் இருந்தபோது ஒரு நிதியம் தன் கையிருப்பைப் பாதுகாக்க 105 புட்டில் 60 ஒப்பந்தம் வாங்கியிருந்தது என்று கொள்ளுங்கள். இப்போது பங்கு 98 க்கு விழுந்துவிட்டது. கணக்கைத் திரும்பச் செய்தால் 95 இல் 850, 100 இல் 400, 105 இல் 300. மக்ஸ் பெயின் 100 இலிருந்து 105 க்குத் தாவிவிட்டது! 98 இல் நிற்கிற பங்கு 105 க்கு ஏறப்போகிறதா? அதற்கு ஆராவது காசு போட்டுப் பங்கை வாங்க வேண்டும். ஒரு நிதியம் காப்புறுதி மாதிரி எடுத்து வைத்த பழைய புட் அந்தக் காசைக் கொண்டுவராது. எண் நகர்ந்தது, விலையை நகர்த்த எதுவும் நடக்கவில்லை.

அப்ப உண்மையான விசை எது? அது சந்தையாக்குநர்களிடம், அதாவது மார்க்கட் மேக்கர்களிடம் இருக்கிறது. அவர்களுடைய தொழில் விலை ஏறுமா இறங்குமா எண்டு பந்தயம் கட்டுவது அல்ல. ஒப்ஷனை வாங்கினால் பங்கை எதிர்ப்பக்கமாக வைத்து ஆபத்தைச் சமப்படுத்துவார்கள். ஒரு சந்தையாக்குநர் 100 ஸ்ட்ரைக் கோலில் 10,000 ஒப்பந்தம் வாங்கி வைத்திருக்கிறார் என்போம். அமெரிக்காவில் ஒரு ஒப்பந்தம் 100 பங்குகளுக்கு. எக்ஸ்பயரி நாளில் விலை சரியாக 100 இல் நின்றால் அந்தக் கோல் பணமாக முடிய ஏறத்தாழ பாதி வாய்ப்பு. ஆகவே அவர் 5 இலட்சம் பங்கை இரவல் வாங்கி வித்திருப்பார். விலை 100.50 ஆனால் அந்த வாய்ப்பு 80 சதவீதம் போல ஆகலாம். அப்போது 8 இலட்சம் வித்திருக்க வேண்டும், எனவே இன்னும் 3 இலட்சம் விற்பார். விலை 99.50 க்கு இறங்கி வாய்ப்பு 20 சதவீதமானால் 2 இலட்சம் போதும், எனவே 3 இலட்சத்தைத் திருப்பி வாங்குவார்.

கவனியுங்கள்: ஏறினால் விற்கிறார், இறங்கினால் வாங்குகிறார். அவர் ஒரு சதியும் செய்யவில்லை, தன்னைக் காப்பாற்றுகிறார். ஆனால் விளைவு, விலை 100 ஐச் சுற்றியே ஒட்டிக்கொள்கிறது. இதைத்தான் ‘பின்னிங்’ என்கிறார்கள். எக்ஸ்பயரி நெருங்க நெருங்க அரை டொலர் அசைவுக்கே அந்த வாய்ப்பு பெரிதாகத் துள்ளும். ஆகவே கடைசி நாளில்தான் இந்த வாங்கல் விற்றல் உச்சத்துக்குப் போகும்.

இப்ப அதே சந்தையாக்குநர் அந்த ஒப்ஷன்களை வாங்காமல் வித்திருந்தால்? எல்லாம் தலைகீழ். ஏறினால் வாங்க வேண்டும், இறங்கினால் விற்க வேண்டும். விலை ஸ்ட்ரைக்கில் ஒட்டாது, அங்கிருந்து தள்ளப்படும். திரையில் தெரிகிற ஓபன் இன்ரறெஸ்ட் இரண்டு நிலையிலும் 10,000 தான். ஒரே எண், எதிரெதிரான இரண்டு விளைவு. மக்ஸ் பெயின் கணக்கின் ஆதாரக் கோளாறு இதுதான்.

இன்னுமொன்று. ஒட்டிக்கொள்ளும் விசை வருவது விலைக்குக் கிட்ட இருக்கிற ஸ்ட்ரைக்கிலிருந்து மட்டும். 98 இல் நிற்கிற பங்குக்கு 105 புட் கடைசி நாளில் கிட்டத்தட்ட முடிந்த கதை. அதற்காக ஆரும் புதிதாகப் பங்கு வாங்கி விற்கத் தேவையில்லை. ஆனால் மக்ஸ் பெயின் கணக்கில் அதற்குத்தான் கூடிய நிறை, ஏனென்றால் விலையிலிருந்து தூரம் கூடக்கூடத் தொகையும் கூடுகிறது. விசை இல்லாத இடத்துக்கு அதிக மதிப்பெண் போடுகிற கணக்கு இது.

ஆய்வுகள் என்ன சொல்லுகின்றன? நீ, பியர்சன், பொட்டெஷ்மன் ஆகிய மூவரும் 2005 இல் ஒரு நிதியியல் ஆய்விதழில் எழுதிய கட்டுரைதான் இதில் அதிகம் பேசப்படுவது. ஒப்ஷன் உள்ள அமெரிக்கப் பங்குகளின் முடிவு விலைகள் எக்ஸ்பயரி நாளில் ஸ்ட்ரைக்குகளின் அருகில் கூடி நிற்பதை அவர்கள் காட்டினார்கள். அளவு எவ்வளவு? அந்த நாளில் இந்தப் பங்குகளின் விலை மாற்றத்தில் சராசரியாகக் குறைந்தது 0.165 சதவீதம். 100 டொலர் பங்கில் சுமார் 16 சதம். காரணமாக அவர்கள் காட்டியது இரண்டு: சந்தையாக்குநர்கள் தங்களைச் சமப்படுத்துவது, அதோடு நிறுவனங்களின் சொந்தக் கணக்கு வர்த்தகர்கள் செய்கிற விலைத் திருகுதாளம். ஆக, ‘பெரிய கை’ கதை முழுப் பொய் இல்லை. ஆனால் அது அரும்புகிற அளவு சதங்களில். மூன்று நாலு டொலர் தூரத்தில் இருக்கிற பங்கை இழுத்து வருகிற கயிறு அது இல்லை.

கோலெஸ், யக்வெர்த் என்ற இருவர் 2012 இல் எஸ்அன்பி 500 ஃபியூச்சர்சைப் பார்த்தார்கள். ஒரு வகை ஒப்ஷன் முடிகிற நாட்களில் விலை கிட்டிய ஸ்ட்ரைக்குக்கு இழுபடுகிறது; இன்னொரு வகை முடிவதற்குச் சற்று முன்னர் அங்கிருந்து தள்ளப்படுகிறது. ஒரே சுட்டெண், இரண்டு திசை. மேலே சொன்ன விளக்கத்தோடு இது நன்றாகப் பொருந்துகிறது. மக்ஸ் பெயின் கதையோடு பொருந்தாது.

"ஆனால் கனதரம் சரியா வருதே!" என்பீர்கள். வரத்தான் செய்யும். ஆக்கள் விலைக்குக் கிட்ட இருக்கிற ஸ்ட்ரைக்குகளில்தான் கூடுதலாக ஒப்ஷன் வாங்கி விற்கிறார்கள். அதனால் மக்ஸ் பெயினும் வழக்கமாக விலைக்குக் கிட்டவே இருக்கும். விலை நகர்ந்தால் புது ஒப்பந்தங்கள் அங்கே சேர, மக்ஸ் பெயினும் பின்னாலே போகும். வெள்ளிக்கிழமை பார்த்தால் இரண்டும் பக்கத்தில் நிற்கும். மாட்டுக்குப் பின்னால் போகிற வண்டியைப் பார்த்து, வண்டிதான் மாட்டைத் தள்ளுது எண்டு சொல்லலாமா?

நீங்களே சோதிக்க ஒரு வழி உண்டு. எக்ஸ்பயரி வாரத்தின் திங்கட்கிழமை மக்ஸ் பெயினையும் அன்றைய விலையையும் எழுதி வையுங்கள். பிறகு மாற்றக் கூடாது. வெள்ளி முடிவு விலை இரண்டில் எதற்குக் கிட்ட எண்டு பாருங்கள். திங்கள் விலை 103, மக்ஸ் பெயின் 100, வெள்ளி 101.50 என்றால் "பார், இழுத்துட்டுது" எண்டு ஒருவர் சொல்லுவார். ஆனால் ‘விலை இருந்த இடத்திலேயே இருக்கும்’ எண்டு சும்மா சொன்னவருக்கும் அதே 1.50 தான் பிழை. பல பங்குகளில், பல மாதங்களில், இந்தச் சும்மா சொன்னவரைத் தோற்கடிக்காத எண்ணுக்கு நான் காசு கட்டமாட்டன்.

இதில் காசு கட்டுவது எப்படி நடக்கிறது என்றும் பார்க்க வேண்டும். மக்ஸ் பெயினை நம்புபவர் பெரும்பாலும் அந்த ஸ்ட்ரைக்கில் கோலையும் புட்டையும் சேர்த்து விற்பார். 100 இல் இரண்டுக்கும் சேர்த்து 3 டொலர் கிடைத்தால் ஒரு ஒப்பந்தச் சோடிக்கு 300 டொலர் வரவு. பங்கு 108 இல் முடிந்தால் 800 கொடுக்க வேண்டும், 500 நட்டம். 120 ஆனால் 1,700. லாபத்துக்கு மேல்வரம்பு இருக்கிறது, ஏற்றத்தில் நட்டத்துக்கு வரம்பே இல்லை. 16 சத விசையை நம்பி எடுக்கிற ஆபத்தா இது?

தமிழ் சனல்கள் அதிகம் கதைக்கிற இந்தியச் சந்தையில், 2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளில் ஃபியூச்சர்ஸ், ஒப்ஷன் செய்த தனிநபர்களில் 93 சதவீதமானோர் நட்டப்பட்டதாக ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி 2024 இல் சொன்னது. அந்த நட்டத்துக்கு மக்ஸ் பெயின் மட்டும் காரணம் எண்டு நான் சொல்லவில்லை. ஆனால் அடுத்த தரம் ஒருவர் ஓபன் இன்ரறெஸ்ட் அட்டவணையைக் காட்டி "விலை இங்க வரும்" எண்டு சொன்னால், ஒரேயொரு கேள்வி கேளுங்கோ: அந்த ஸ்ட்ரைக்கில் சந்தையாக்குநர் வாங்கி வைத்திருக்கிறாரா, வித்து வைத்திருக்கிறாரா? அட்டவணையில் அதற்குப் பதில் இல்லை. பதில் தெரியாமல் திசை சொல்லுகிறவரிடம் உங்கட காசைக் குடுக்காதேங்கோ.