கோரிக்கை மனு: இறந்தவர் கணக்கில் உள்ள சிறு தொகைக்கு நீதிமன்றச் சான்று கேட்பதை நிறுத்துதல் தொடர்பாக

அனுப்புநர்
செயலாளர்,
தொழிலாளர் சங்கம்,
ஏற்காடு.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், சேலம்.
மாவட்ட முன்னோடி வங்கி மேலாளர் அவர்கள், சேலம்.

பார்வை: இதே பொருள் குறித்து எங்கள் சங்கம் முன்பு அனுப்பிய கடிதங்கள். எதற்கும் பதில் வரவில்லை.

மதிப்பிற்குரிய ஐயா,

சேர்வராயன் மலையில் காபித் தோட்டங்களிலும் மிளகுத் தோட்டங்களிலும் கூலி வேலை செய்யும் குடும்பங்களின் சார்பாக இம்மனுவை அளிக்கிறோம்.

முதல் கடிதத்தில் நாங்கள் எழுதியதையே மறுபடி எழுதுகிறோம். குடும்பத் தலைவர் இறந்த பிறகு, வங்கியில் அவர் பெயரில் இருக்கும் பணத்தைக் கேட்டுப் போகும் மனைவி மக்களிடம் "கோர்ட்டில் வாரிசு சர்டிபிகேட் வாங்கி வாருங்கள்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். வட்டாட்சியர் அளித்த வாரிசுச் சான்றிதழைக் காட்டினாலும் அது போதாது என்கிறார்கள். கேட்கப்படுவது 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின்படி நீதிமன்றம் தரும் சான்று. அதற்கு வக்கீல் வைத்து மனுப் போட வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும், மற்ற வாரிசுகளுக்கு நோட்டீஸ் போக வேண்டும், ஒவ்வொரு வாய்தாவுக்கும் மலையிறங்கிச் சேலம் போக வேண்டும். பறிப்புக் காலத்தில் ஒரு நாள் போனால் அன்றைய கூலியும் போயிற்று.

இரண்டாவது கடிதத்தில் ஒரு குடும்பத்தின் நிலையை விவரமாக எழுதியிருந்தோம். அது கோப்பில் கிடைக்காமல் போயிருக்கலாம் என்பதால் திரும்பவும் தருகிறோம். இறந்தவர் தோட்டத் தொழிலாளி. கூலி வரவு வைப்பதற்காகத் தொடங்கிய சேமிப்புக் கணக்கில் 71,000 ரூபாய்க்குச் சற்று அதிகமாக இருந்தது. மனைவி, ஒரு மகன், கொல்லிமலையில் வாழ்க்கைப்பட்ட ஒரு மகள் என மூன்று வாரிசுகள். அவர்களுக்குள் எந்தத் தகராறும் இல்லை. உயிலும் இல்லை, வழக்கும் இல்லை. ஆனால் நியமனதாரர் பெயர் பதிவாகவில்லை. பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் நாமினி என்ற இடம் வெறுமையாக இருந்தது. காரணம் எளியது. கையெழுத்துப் போடுபவர் நியமனம் செய்தால் சாட்சி தேவையில்லை. கைரேகை வைப்பவருக்கு மட்டும் இரண்டு சாட்சிகள் வேண்டும். கணக்குத் தொடங்கிய அன்று அந்த இரண்டு பேரைத் தேட யாருக்கும் நேரமில்லை.

அந்த அம்மா இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், ஆதார், மகள் எழுதிக்கொடுத்த ஆட்சேபணையின்மைக் கடிதம் எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் எடுத்துக்கொண்டு கிளைக்குப் போனார். முதலில் வருமானச் சான்று உள்ள இரண்டு ஜாமீன்தாரர் கேட்டார்கள். தோட்ட லயத்தில் குடியிருப்பவருக்கு அப்படி யார் கிடைப்பார்கள்? கிடைக்கவில்லை என்றதும் நீதிமன்றச் சான்று கேட்டார்கள். காரணத்தை எழுதித் தரும்படி எங்கள் சங்கம் கேட்டது. எழுதித் தரவில்லை.

இதற்கான விதி எங்கோ மறைந்து கிடக்கவில்லை. இந்திய ரிசர்வ் வங்கி 2005 ஜூன் 9 அன்றே சுற்றறிக்கை அனுப்பியது. நியமனதாரரோ கூட்டுக் கணக்கில் உயிருடன் இருப்பவரோ இருந்தால், தொகை எவ்வளவாயினும் நீதிமன்றச் சான்று, ஈட்டுறுதிப் பத்திரம், ஜாமீன் எதையும் வற்புறுத்தக் கூடாது என்றது. நியமனம் இல்லாத கணக்குகளுக்கு ஒவ்வொரு வங்கியும் ஒரு வரம்பு நிர்ணயித்து, அதற்குள் ஈட்டுறுதிக் கடிதம் மட்டும் வாங்கிக்கொண்டு தீர்க்கச் சொன்னது. வரம்பு எவ்வளவு என்பதை வங்கிகளிடமே விட்டது. எங்கள் மக்கள் அந்த இடைவெளியில்தான் மாட்டிக்கொண்டார்கள்.

2025 செப்டம்பர் 26 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட நெறிமுறைகள் அந்த இடைவெளியையும் அடைத்துவிட்டன. இறந்த வாடிக்கையாளர்களின் கோரிக்கைகளைத் தீர்ப்பது பற்றிய அந்த நெறிமுறைகளை 2026 மார்ச் 31க்குள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று கெடுவும் வைக்கப்பட்டது. நியமனம் இல்லாத கணக்கில் வணிக வங்கிகளுக்கு 15 லட்சம் ரூபாய், கூட்டுறவு வங்கிகளுக்கு 5 லட்சம் ரூபாய் வரை எளிய நடைமுறையே பின்பற்றப்பட வேண்டும். வங்கி விரும்பினால் வரம்பை உயர்த்திக்கொள்ளலாம், குறைக்க முடியாது. கோரிக்கைப் படிவம், இறப்புச் சான்றிதழ், கோருபவரின் அடையாளச் சான்று, கோருபவரே கையெழுத்திடும் ஈட்டுறுதிப் பத்திரம், கோராத வாரிசுகளின் ஆட்சேபணையின்மைக் கடிதம் ஆகியவை வேண்டும். வாரிசுகள் யார் என்பதற்கு வாரிசுச் சான்றிதழ் தரலாம். அது இல்லாவிட்டால், குடும்பத்தை நன்கு அறிந்த, ஆனால் குடும்பத்தோடு சம்பந்தமில்லாத, வங்கி ஏற்கும் ஒருவரின் உறுதிமொழி போதும். மூன்றாம் நபர் ஜாமீன் கேட்கக் கூடாது. ஆவணங்கள் அனைத்தும் வந்த 15 நாட்களுக்குள் பணம் தரப்பட வேண்டும். வங்கியின் பக்கம் தாமதம் என்றால், வங்கி விகிதத்துக்கு மேல் ஆண்டுக்கு 4 சதவீதம் கூட்டி வட்டியும் தர வேண்டும்.

மேலே சொன்ன அம்மாவின் கணக்கை இந்த விதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தொகை வரம்பில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. கேட்கும் காகிதங்களில் ஈட்டுறுதிப் பத்திரம் தவிர எல்லாமே அந்தப் பையில் இருந்தன. அந்தப் பத்திரத்தின் படிவத்தைத் தர வேண்டியது வங்கிதான். தரவில்லை.

கிளை அலுவலர்களின் அச்சம் எங்களுக்குப் புரியாமல் இல்லை. நீதிமன்றச் சான்றின்படி பணம் கொடுத்தால், பிறகு வேறொரு வாரிசு வந்து கேட்டாலும் வங்கிக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. வாரிசுச் சான்றிதழுக்கு அந்த வலிமை கிடையாது. ஆனால் ஈட்டுறுதிப் பத்திரம் வாங்கச் சொல்வதே அந்த அச்சத்துக்காகத்தான். வேறொருவருக்கு உரிமை உண்டென்று பின்னால் தெரிந்தால், பணம் வாங்கியவர் ஈடு செய்ய வேண்டும். வாரிசுகளுக்குள் தகராறு இருந்தாலோ, நீதிமன்றத் தடை இருந்தாலோ எளிய நடைமுறை பொருந்தாது. அப்படிப்பட்ட குடும்பங்களுக்காக நாங்கள் இதைக் கேட்கவும் இல்லை.

எனவே எங்கள் முதன்மைக் கோரிக்கை இது. மாவட்ட வங்கியாளர் ஆலோசனைக் குழுவின் தலைவர் என்ற முறையில் ஆட்சித் தலைவர் அவர்கள் அடுத்த கூட்டத்தில் இதைத் தனிப் பொருளாக எடுத்து, ஏற்காடு வட்டத்தின் எல்லாக் கிளைகளும் மேற்படி நெறிமுறைகளின்படி நடக்கின்றனவா என்று எழுத்து மூலம் அறிக்கை பெற வேண்டும். படிவமும் ஆவணப் பட்டியலும் தமிழில் கிளையின் சுவரில் ஒட்டப்பட வேண்டும். மனு வாங்கியதற்கு ஒப்புதல் சீட்டுத் தர வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுதித் தர வேண்டும். ஒரு துண்டுக் காகிதமாவது கையில் இருந்தால்தான் ஓம்புட்ஸ்மேனிடம் போக முடியும். ஏற்கெனவே திருப்பி அனுப்பப்பட்ட குடும்பங்களின் மனுக்களை மறுபடி வாங்கித் தீர்க்க வேண்டும்.

இதர கோரிக்கைகள்:

1. தோட்டங்களில் நியமனதாரர் பதிவு முகாம் நடத்துதல். கைரேகை வைப்போருக்குச் சாட்சிகளை முகாமிலேயே ஏற்பாடு செய்தல்.

2. வீட்டில் நேரும் மரணங்களை 21 நாட்களுக்குள் பதிவு செய்யக் கிராம நிர்வாக அலுவலர்கள் மூலம் அறிவிப்புச் செய்தல்.

3. அஞ்சலகச் சேமிப்பில் நியமனம் இல்லாத 5 லட்சம் ரூபாய் வரையிலான தொகையை, இறந்து ஆறு மாதம் கழிந்தபின் நீதிமன்றச் சான்றின்றிப் பெறலாம் என்ற விதியை அஞ்சலகங்களில் தமிழில் அறிவித்தல்.

4. பாஸ்புக்கிலும் இறப்புச் சான்றிதழிலும் பெயர் எழுத்து மாறியிருந்தால் ஒரே நபர் என்ற சான்றை வட்டாட்சியர் அலுவலகம் காலதாமதமின்றி வழங்குதல்.

இம்முறையாவது எழுத்து மூலமான பதிலை எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
செயலாளர்.

நகல்: வருவாய் வட்டாட்சியர் அவர்கள், ஏற்காடு.