இளஞ்சூடு சாப்பாடு சுடுசாப்பாடு இல்லைங்க

பதிவு கொஞ்சம் நீளம்தான். இந்த மாசம் கல்யாணப் பத்திரிகை கையில வெச்சிருக்கிறவங்க பொறுமையா படிங்க.

கல்யாண விருந்துக்குப் போயிட்டு வந்த மறுநாள் வயித்தால போனா நாம என்ன சொல்றோம்? "காலையில சாப்பிட்ட ரொட்டி சானாய்தான் ஒத்துக்கல" என்கிறோம். இல்லைன்னா "கண்ணு பட்டுருச்சு" என்று மிளகாய் சுத்திப் போடுறோம். ராத்திரி சாப்பிட்ட விருந்தை மட்டும் யாரும் சந்தேகப்படுறதில்லை. ஏன்னா அது "சூடாத்தானே இருந்துச்சு"!

இந்த "சூடாத்தானே இருந்துச்சு" என்ற பேச்சைத்தான் நாங்க எதிர்க்கிறோம். தொழிற்சாலையில ஒரு மெஷின் சூடு சரியா இருக்கா என்று கையை வெச்சுப் பார்த்து யாரும் கையெழுத்துப் போட மாட்டோம். மீட்டரைப் பார்ப்போம். சாப்பாட்டுக்கு மட்டும் தட்டைத் தொட்டுப் பார்த்து "பரவாயில்லை" என்கிறோம்.

விஷயம் இதுதான். சமைத்த சாப்பாடு 60 டிகிரிக்கு மேலே இருந்தா கிருமி பெருகாது. 5 டிகிரிக்குக் கீழே குளிர்ல இருந்தாலும் அநேகமா பெருகாது. இடையில இருக்கிற சூடுதான் ஆபத்து. அதுலயும் நம்ம உடம்புச் சூட்டை விடக் கொஞ்சம் அதிகமா, 43, 45 டிகிரியில இருக்கிற கறிக்குழம்புல ஒரு வகைக் கிருமி பத்தே நிமிஷத்துல ரெண்டு மடங்காகும். அதாவது தொட்டா இதமா இருக்கிற அந்த இளஞ்சூடுதான் அதுக்குப் பிடிச்ச இடம்.

"நல்லா கொதிச்ச குழம்பு, கிருமி எல்லாம் செத்திருக்குமே" என்று கேட்பீங்க. கிருமி சாகும். அதோட விதை சாகாது. சோத்துலயும் கறியிலயும் இருக்கிற சில கிருமிகள் விதை மாதிரி ஓடு கட்டிக்கிட்டு கொதியையும் தாங்கும். சூடு இறங்கினதும் முளைச்சு எழுந்திரிக்கும். சோத்துல வளர்ற ஒண்ணு விஷத்தையே கக்கி வெச்சிடும். அந்த விஷம் மறுபடி சுட வெச்சாலும் அழியாது. சாப்பிட்ட ஒரு மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள்ள வாந்தி வரும். குழம்புக் கிருமியோ எட்டு மணியிலிருந்து பதினாறு மணி நேரம் கழிச்சுத்தான் வயித்தைப் பிடிக்கும். அதனாலதான் பழி பாவம் ரொட்டி சானாய்க்காரர் மேல விழுது.

மூக்கு வெச்சுப் பார்த்தா தெரியாதா? தெரியாது. ஊசிப்போன வாடை வேற கிருமியோட வேலை. இந்தக் கிருமிகள் வாடையும் காட்டாது, ருசியையும் மாத்தாது. வாடை வந்தா சாப்பிடாதீங்க, சரி. வாடை வரலைன்னா நல்ல சாப்பாடு என்று அர்த்தம் இல்லை.

இப்போ நம்ம ஊர் விருந்துபசரிப்பைக் கணக்குப் போட்டுப் பாருங்க. பத்திரிகையில "இரவு மணி 7.00". ஐந்நூறு பேருக்குச் சமையல். சோறு மூணு மணிக்கே வடிச்சு முடியும். நாலரைக்கு லாரியில ஏறும். அஞ்சரைக்கு மண்டபம். ஆறரைக்கு ட்ரேயில கொட்டி மூடி வெச்சிடுவாங்க. மாப்பிள்ளை பொண்ணு ஊர்வலமா உள்ள வர எட்டே முக்கால். பேச்சு, கேக், ஆட்டம். ஒன்பதரைக்குத்தான் "சாப்பிட வாங்க". மூணு மணிச் சோத்துக்கு வயசு அப்போ ஆறரை மணி நேரம்! சமைச்ச நாலு மணி நேரத்துக்குள்ள சாப்பிடணும் என்பதுதான் நம்ம நாட்டுலயும் சிங்கப்பூர்லயும் சுகாதாரத் துறை சொல்ற அளவு. அந்தக் கணக்குப்படி பத்திரிகையில போட்ட ஏழு மணியிலேயே சோத்துக்குக் கெடு முடிஞ்சது.

வழி முழுக்க 60 டிகிரிக்கு மேலேயே காத்திருந்தா பயம் குறைவு, அதையும் சொல்லிடுறோம். காத்தாங்களா என்று விருந்தாளிக்குத் தெரியாது. ஆனா கண்ணுக்குச் சில அடையாளம் தெரியும்.

தட்டு எடுக்கிறதுக்கு முன்னாடி ட்ரேக்கு அடியில குனிஞ்சு பாருங்க. அந்த சின்ன எரிபொருள் டின்ல தீ எரியுதா? நிறைய இடத்துல அணைஞ்சே கிடக்கும். கீழ்த் தட்டுல வெந்நீர் இருக்கா, வத்திப்போச்சா? அந்த அடுப்பு சூட்டைக் காக்கத்தான் முடியும், ஆறினதைச் சூடாக்க முடியாது. அதனால லேட்டா பத்த வெச்சாலும் பிரயோஜனம் இல்லை.

அடுத்து மூடியைத் திறக்கும்போது பாருங்க. ஆவி எழும்பணும். குழம்பு மேல ஆடை மாதிரி தோல் கட்டியிருந்தா, சோத்து ஓரம் காய்ஞ்சு விறைச்சிருந்தா, அது ரொம்ப நேரமா காத்துக்கிட்டிருக்கு. பாதி காலியான பழைய ட்ரே மேலேயே புதுசைக் கொட்டினா, மேல ஆவி வரும், அடியில பழசு இருக்கும். அதைக் கண்ணால பார்த்தா அந்த ட்ரேயை விட்டுடுங்க.

கடைசி சோதனை வாயில. சூடா காத்த குழம்பை வாங்கினவுடனே ஊதாம வாயில வைக்க முடியாது. சோத்துல விரல் வெச்சா சுருக்குன்னு சுடும். வாங்கினவுடனே அள்ளி அள்ளிச் சாப்பிட முடியுதா? அப்போ அது 60க்குக் கீழே. இது மீட்டர் இல்லைதான், விருந்தாளிக்கு இதுதான் கையில இருக்கு.

அப்போ என்னதான் சாப்பிடறது? கண் முன்னாடி சுடுற தோசை, எண்ணெயிலிருந்து இப்போதான் எடுத்த வடை, ஆவியோட புதுசா வந்த ட்ரே, முழுப் பழம். தேங்காய்ச் சட்னி சாயங்காலத்துல இருந்து வெளியே இருந்தா வேண்டாம். "சைவச் சாப்பாடுதானே, ஒண்ணும் ஆகாது" என்ற பேச்சும் வேண்டாம். சோறு சைவம்தான், அந்த விஷமும் சோத்துலதான் வருது. பருப்புச் சாம்பாரும் ஆறினா அதே கதைதான்.

இதுல பெரிய கொடுமை தப்பாவ். பதினொன்றரை மணிக்கு மீந்ததைப் பையில கட்டி "வீட்டுல பிள்ளைங்களுக்கு" என்று கொடுக்கிறோம். மூணு மணிச் சோறு அது, எட்டரை மணி நேரம் ஆச்சு. வீட்டுக்கு வராத பாட்டிக்கும் பச்சைப் பிள்ளைக்கும்தான் அது போகுது. அவங்க உடம்புதான் தாங்காது. அன்னத்தைக் குப்பையில போடுறது பாவம் என்பீங்க. நாங்களும் கோயில்ல அன்னம் பரிமாறுறவங்கதான், எங்களுக்கும் மனசு வலிக்கும். கெட்டதை ஒரு பிள்ளை வயித்துல போடுறது அதை விடப் பாவம். மீதம் வேண்டாம்னா அளவா சமைக்கச் சொல்லுங்க.

கல்யாண வீட்டாருக்கு ஒரே வார்த்தை. சமையல்காரர் மேல மட்டும் பழி போடாதீங்க. நீங்க சொன்ன நேரத்துக்கு அவர் கொண்டு வந்தார். ரெண்டரை மணி நேரம் தாமதம் உங்களோடது. ஊர்வலம் ஒன்பதுக்குத்தான் என்றால் சாப்பாடு எட்டரைக்கு வந்தா போதும் என்று எழுதிக் கொடுங்க. இல்லையா, ஏழரைக்கே விருந்தாளிங்க சாப்பிடட்டும், விட்டுடுங்க. பொண்ணு மாப்பிள்ளைக்கு முன்னாடி சாப்பிட்டா மரியாதைக் குறைவா? வாழ்த்த வந்தவங்களை வாந்தி எடுக்க வைக்கிறதுதான் மரியாதைக் குறைவு.

யாருக்காவது முடியாம போனா தண்ணியும் உப்புச் சர்க்கரைப் பொடிக் கரைசலும் கொஞ்சம் கொஞ்சமா கொடுங்க. ரத்தம் போனா, கடும் காய்ச்சல் வந்தா, சிறுநீர் நின்னா, பிள்ளை துவண்டா உடனே ஆஸ்பத்திரி. ஒரே விருந்துல பல பேருக்கு வந்தா மாவட்ட சுகாதார அலுவலகத்துக்குச் சொல்லுங்க. உறவு கெட்டுடும் என்று மூடி மறைக்காதீங்க.

அடுத்த விருந்துக்குப் போகும்போது முதல்ல அந்த ட்ரேக்கு அடியில குனிஞ்சு பாருங்க. யாராவது சிரிச்சா சிரிக்கட்டும்.